சம்பளம் திர்ஹமில், செலவு ரூபாயில்: மாதாமாதம் ஊருக்கு எவ்வளவு?

சம்பளம் ஏறிய வாரம் துபாய் தேராவிலோ ஷார்ஜா ரோலாவிலோ எக்ஸ்சேஞ்ச் வாசலில் நிற்பவர்களைப் பார்த்தால், எல்லார் கண்ணும் ஒரே பலகையில்தான் இருக்கும். இந்தியக் கொடி, அதற்கு எதிரே சிவப்பு எழுத்தில் ஓர் எண். நேற்றைவிட ஐந்து பைசா ஏறியிருந்தால் முகம் மலரும். இறங்கியிருந்தால் சிலர் திரும்பிப் போய்விடுவார்கள், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று. ஊருக்கு எவ்வளவு அனுப்புவது என்ற கேள்விக்கு அந்தப் பலகைதான் பதில் சொல்கிறது என்பது பலரின் நினைப்பு. கணக்கைப் பிரித்துப் பார்த்தால், பலகை மாற்றுவது சில நூறு ரூபாயைத்தான். ஆயிரக்கணக்கில் காசு போகிற இடங்கள் வேறு.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பரமக்குடிப் பக்கம் வீடு. கணவர் துபாயில் ஒரு கட்டுமான கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். வீட்டில் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், சர்க்கரை நோயுள்ள மாமியார். அடிப்படைச் சம்பளம் 2,000 திர்ஹம், ஓ.டி. கிடைக்கும் மாதத்தில் இன்னும் 400. தங்குமிடமும் வேலைக்குப் போய்வரும் பஸ்ஸும் கம்பெனியுடையவை. இது கணக்குக்காக நான் கட்டிய குடும்பம்தான், ஆனால் சோனாப்பூர் கேம்பில் எந்த அறைக் கதவைத் தட்டினாலும் இதற்குப் பக்கத்தில் ஒரு கணக்கு இருக்கும்.

வழக்கமாகப் பேச்சு இப்படித்தான் தொடங்கும்.

"இந்த மாசம் எவ்வளவுங்க போடுவீங்க?"

"ரேட்டு பார்த்துட்டுச் சொல்றேன்மா."

அதாவது, கையிலிருக்கும் திர்ஹமில் தனக்குப் போக மீதியை ரூபாயாக்கி, வந்ததை வைத்துக் குடும்பம் நடத்து என்கிறார். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். செலவு நடப்பது ரூபாயில். ஆகவே ரூபாயில் ஒரு தொகையை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு எத்தனை திர்ஹம் வேண்டும் என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

அந்த மனைவியின் நோட்டில் இருப்பது இது. மளிகை, பால், கேஸ், கரண்ட் எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய். மாமியாரின் மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் 2,500. மகளிர் குழுத் தவணை 2,000, சீட்டு 2,000. விசாவுக்காக ஏஜென்டிடம் கட்ட வாங்கிய கடன் 80,000 இரண்டு வட்டிக்கு ஓடுகிறது. அதற்கு மாத வட்டி 1,600, அசலில் மாதம் 5,000 அடைக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு 48,000.

கடைசி வரியில்தான் பெரும்பாலான வீடுகளில் கணக்கு உடைகிறது. பள்ளிக் கட்டணம் மாதாமாதம் வருவதில்லை என்பதால் மாதக் கணக்கில் அதை யாரும் எழுதுவதில்லை. ஜூனில் மொத்தமாக 24,000 கேட்கும்போது, அறையில் கூட இருப்பவரிடம் கைமாற்று வாங்கி அனுப்ப வேண்டியதாகிறது. அந்தக் கைமாற்றைத் திருப்பித் தந்து முடிப்பதற்குள் இரண்டாம் பருவக் கட்டணம் வந்து நிற்கும். அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 4,000 என்று எழுதி, பணம் வந்த அன்றே வங்கியில் ஒரு தொடர் வைப்பில் போட்டுவிட்டால் ஜூன் மாதம் மற்ற மாதத்தைப் போலவே கடந்துவிடும். தீபாவளித் துணி, மாமியாரின் கண் ஆபரேஷன் எல்லாம் இதே வகைதான். தேதி தெரிந்த செலவுக்கு அவசரம் என்று பெயர் வைக்கக் கூடாது.

எல்லாம் கூட்டினால் 29,100 ரூபாய். இதுதான் விழ வேண்டிய தொகை. இனி திர்ஹமுக்குப் போகலாம்.

பலகையில் போட்டிருக்கும் ரேட்டு நியாயமானதா என்று கண்டுபிடிக்க வளைகுடாவில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. 1997-லிருந்து ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று விலை நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே திர்ஹமுக்கென்று தனியாக ஏற்ற இறக்கம் கிடையாது. டாலருக்கு எதிராக ரூபாய் எங்கே போகிறதோ அதன் நிழல்தான் திர்ஹம் ரேட்டு. அன்றைய டாலர் விலையை 3.6725-ஆல் வகுத்தால் உண்மையான சந்தை விலை கிடைத்துவிடும். டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு திர்ஹம் 23 ரூபாய் 14 பைசாவுக்குச் சற்று மேல். அன்றைக்குப் பலகையில் 22.95 என்று இருந்தால், ஒவ்வொரு திர்ஹமிலும் கிட்டத்தட்ட இருபது பைசா கடையிடம் நிற்கிறது. ரசீதில் இது எந்த வரியிலும் வராது. அனுப்பும் கட்டணம் மட்டும்தான் வரும். அது 20 திர்ஹம், அதன்மேல் 5 சதவீத வாட் வரி 1 திர்ஹம், ஆக 21 என்று வைத்துக்கொள்வோம்.

29,100-ஐ 22.95-ஆல் வகுத்தால் 1,268 திர்ஹம். கட்டணத்தோடு 1,289. கையிலிருந்து போன 1,289 திர்ஹமுக்கு ஊரில் விழுந்தது 29,100 என்றால், அவருக்கு உண்மையில் கிடைத்த ரேட்டு 22.58-க்குக் கீழே. பலகையில் பார்த்த 22.95 அல்ல. சந்தை விலையோடு ஒப்பிட்டால் சுமார் இரண்டரை சதவீதம் வழியில் கரைந்திருக்கிறது. 2030-க்குள் உலகமெங்கும் இந்தச் செலவை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. அந்த அளவில் பார்த்தால் நம் ஆள் பரவாயில்லை. ஆனாலும் இதைவிடக் குறைக்க வழி இருக்கிறது.

பக்கத்திலேயே இன்னொரு வழி: போனில் இருக்கும் ஒரு செயலி, "கட்டணமே இல்லை" என்கிறது. ரேட்டு மட்டும் 22.70. பலகைக் கண்ணோடு பார்த்தால் இது மோசம், திர்ஹமுக்கு 25 பைசா குறைவு. ஆனால் 29,100 ரூபாய் விழ இதில் 1,282 திர்ஹம் போதும். எக்ஸ்சேஞ்சை விட 7 திர்ஹம் லாபம். அதே சமயம் 3,000 திர்ஹம் அனுப்புகிறவருக்குக் கதை மாறிவிடும். 25 பைசா மூவாயிரம் மடங்காகப் பெருகி 750 ரூபாயாகிவிடுகிறது. எக்ஸ்சேஞ்சின் கட்டணமோ எவ்வளவு அனுப்பினாலும் அதே 21 திர்ஹம், ரூபாயில் 482. இந்த இரண்டு ரேட்டுகளுக்கு இடையே ஏறத்தாழ 1,930 திர்ஹம்தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே செயலி, அதற்கு மேலே எக்ஸ்சேஞ்ச். ரேட்டுகள் மாறினால் கோடும் நகரும். அதனால் கோட்டை மனப்பாடம் செய்து பயனில்லை. கவுன்டரில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும், ஊர்க் கணக்கில் எவ்வளவு விழும்?" இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவதுதான் ரேட்டு. மற்றதெல்லாம் விளம்பரம்.

சில செயலிகள் முதல் தடவைக்கு மட்டும் சந்தை விலையையே தருகின்றன. அடுத்த மாதமும் அதே ரேட்டு என்று எண்ணிக்கொண்டு பார்க்காமலே அழுத்துகிறவர்கள் உண்டு. மாதாமாதம் வகுத்துப் பார்ப்பது நல்லது.

ஊர்ப் பக்கத்திலும் ஒரு கழிவு ஒளிந்திருக்கலாம். எக்ஸ்சேஞ்ச் மூலம் போகும் பணம் பெரும்பாலும் ரூபாயாகவே இந்திய வங்கிக்குள் வருகிறது. அதனால் அங்கே மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. வங்கியிலிருந்து நேரடியாக டாலராக அனுப்பினால், நடுவில் நிற்கும் வங்கி தன் பங்குக்கு சில டாலர்களை எடுத்துக்கொள்ளலாம். ஊரில் ரூபாயாக மாற்றும் வங்கி தன்னுடைய வாங்கும் விலையில்தான் மாற்றும், அதற்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு. வரி சின்னதுதான்: 25,000 ரூபாய் வரை 45 ரூபாய், 50,000-க்கு 90 ரூபாய். நடுவங்கிக் கழிவுதான் இந்தக் குடும்பம் அனுப்பும் அளவுக்குக் கட்டுபடியாகாது. எந்த வழியில் அனுப்பினாலும் முதல் மாதம் பாஸ்புக்கில் விழுந்த தொகையை ரசீதோடு வைத்துப் பார்த்துவிட வேண்டும். பத்து ரூபாய் குறைந்திருந்தாலும் எங்கே போனது என்று கேட்கலாம்.

கட்டணம் எவ்வளவு அனுப்பினாலும் ஒன்றுதான் என்பதால், துண்டு துண்டாக அனுப்புவதைப் போல நஷ்டம் வேறில்லை. மாதத்துக்கு நான்கு தடவை 300, 350 என்று அனுப்புகிறவர் வருடத்தில் 48 தடவைக்கு 1,008 திர்ஹம் கட்டணம் கட்டுகிறார். மாதம் ஒருமுறை அனுப்புகிறவர் கட்டுவது 252. வித்தியாசம் 756 திர்ஹம், 17,000 ரூபாய்க்கு மேல். இவர்கள் வீட்டுப் பள்ளிக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கவுன்டரிலேயே போய்விடுகிறது. மொத்தமாக அனுப்பினால் வீட்டில் உடனே செலவாகிவிடும் என்று பயந்துதான் பலர் பிரித்து அனுப்புகிறார்கள். அந்தப் பயம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு மருந்து பள்ளிப் பணத்தையும் சீட்டுப் பணத்தையும் விழுந்த அன்றே தனியே ஒதுக்குவதுதான். எக்ஸ்சேஞ்சுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

அடுத்தது காத்திருப்பு. "ரேட்டு ஏறட்டும்" என்று பத்து நாள் தள்ளிப்போடுகிறார் என்போம். அதிர்ஷ்டம் இருந்து 15 பைசா ஏறிவிட்டது. 1,268 திர்ஹமுக்கு அதன் லாபம் 190 ரூபாய். அந்தப் பத்து நாளில் குழுத் தவணைக்கும் மளிகைக் கடைக்கும் ஈடுகொடுக்க அந்த அம்மா தெருமுனையில் மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தால்? பத்து நாளானாலும் முழு மாத வட்டிதான் கணக்கு. 29,100-க்கு 873 ரூபாய். நூற்றுத் தொண்ணூறைச் சேர்க்க எண்ணூறைத் தாண்டி விட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு எண்களும் ஒரே தாளில் என்றும் வருவதில்லை. ஒன்று கேம்பிலும் மற்றது பரமக்குடியிலும் இருப்பதால் யாருக்கும் உறைப்பதில்லை.

ரேட்டு ஏறுமா இறங்குமா என்பது கவுன்டரில் இருப்பவருக்கும் தெரியாது. 2013 மே மாதம் 55 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்த டாலர் ஆகஸ்ட் கடைசியில் 68 ரூபாயைத் தாண்டியது. அப்போது வளைகுடா எக்ஸ்சேஞ்சுகளில் கூட்டம் அலைமோதியது. 70-ஐயும் தாண்டும் என்று காத்திருந்தவர்கள், அக்டோபருக்குள் அது 62-க்குப் பக்கம் இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிச்சயம்: சனி, ஞாயிறில் அன்னியச் செலாவணிச் சந்தைக்கு விடுமுறை. திங்களன்று விலை எப்படித் திறக்குமோ என்ற பயத்தில் கடைகள் தங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் வைத்துக்கொள்வதுண்டு. வார நாளில் போக முடிந்தால் போகலாம். அதற்காக அரைநாள் கூலியை விட வேண்டாம்.

இனி அவர் பக்கத்துக் கணக்கு. மெஸ்ஸுக்கு 450, போனுக்கு 80, சோப்பு, முடிவெட்டு, டீ, வெள்ளிக்கிழமை வெளியே போவது எல்லாம் 170. ஆக 700 திர்ஹம். ஓ.டி. இல்லாத மாதத்தில் 2,000-ல் 700 போக மீதி 1,300. வீட்டுக்கு வேண்டியது 1,289. பதினொரு திர்ஹம் மிச்சம்! கத்திமுனைதான், ஆனாலும் பொருந்துகிறது. பொருந்துவது அடிப்படைச் சம்பளத்துக்கு என்பதுதான் முக்கியம்.

புதிதாகப் போனவர்கள் ஓ.டி.யையும் சேர்த்து முழுத் தொகையை அனுப்பிவிடுகிறார்கள். ஊரில் அது 38,000, 39,000 என்று விழுகிறது. நாலைந்து மாதத்தில் அதுதான் வீட்டின் சம்பளம் ஆகிவிடும். அதற்கேற்ப இன்னொரு சீட்டு சேரும், தவணைக்கு ஒரு ஸ்கூட்டி வரும். கோடை மூன்று மாதம் சைட்டில் ஓ.டி. நின்றுபோனால், யாரும் ஊதாரித்தனம் செய்யாமலே குடும்பம் கடனில் விழும். மனைவியிடம் மறைக்கச் சொல்லவில்லை. ஓ.டி. எவ்வளவு வந்தது என்பதைச் சொல்லிவிட்டு, அது எங்கே போகிறது என்பதையும் சேர்த்தே சொல்லலாம். "மாசம் 29,100 தவறாது. மேலே வர்றது கடனுக்கு" என்று பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

கடனுக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். அந்த அளவு வட்டி தரும் வைப்பு எந்த வங்கியிலும் இல்லை. ஓ.டி. 400 திர்ஹமில் பாதியை, அதாவது 4,590 ரூபாயை, அசலில் கூடுதலாகத் தள்ளினால் பதினாறு மாதத்தில் தீர வேண்டிய 80,000 ஒன்பதே மாதத்தில் தீரும். வீட்டில் நகை இருந்தால் இன்னொரு குறுக்குவழி உண்டு. வங்கி நகைக்கடன் வழக்கமாக ஒரு வட்டிக்கும் கீழேதான் கிடைக்கும். நகையை அங்கே வைத்து இரண்டு வட்டிக் கடனை அடைத்துவிட்டால், மாத வட்டி பாதியாகக் குறையும். வட்டியை மட்டும் வருடக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு, ரேட்டில் பத்து வருடம் சம்பாதிக்க முடியாததை இந்த ஒரு நடை கொடுத்துவிடும்.

ரேட்டு என்றதும் ஹவாலாவைச் சொல்லாமல் விட முடியாது. உண்டியல் என்றும் சொல்வார்கள். பலகையைவிட நல்ல விலை, கட்டணம் இல்லை, சாயங்காலத்துக்குள் வீட்டுக்கே பணம் வந்துவிடும். சட்டப்படி குற்றம் என்பது தெரிந்தேதான் செய்கிறார்கள். தெரியாதது வேறொன்று. இப்போது அந்தப் பணம் பல நேரம் கையில் வருவதில்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து மனைவியின் கணக்குக்கு வருகிறது. அது இணைய மோசடியில் ஏமாந்த ஒருவரின் பணமாக இருந்தால், அவர் கொடுத்த புகாரின் பேரில் வேறு மாநிலக் காவல்துறை இந்தக் கணக்கை முடக்கிவிடும். உள்ளே இருக்கும் பள்ளிக் கட்டணமும் சேர்ந்து முடங்கும். அது எங்கிருந்து வந்த பணம் என்று காட்ட ரசீது கிடையாது. திர்ஹமுக்கு இருபது, முப்பது பைசா கூடக் கிடைத்ததற்கு இந்த விலை.

ஓ.டி.யில் மீதி 200 திர்ஹம் யார் கணக்கில் போய்ச் சேருவது? அவர் பெயரிலேயே ஓர் என்.ஆர்.இ. கணக்கில். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் ஊரில் இருந்த பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்க முடியாது, அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும் என்பது விதி. புதிதாக என்.ஆர்.இ. திறந்தால் அதில் வரும் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை, வேண்டும்போது முழுப் பணத்தையும் திரும்ப வெளிநாட்டுக்கே எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்குக்குத் தனியாக அனுப்பினால் இன்னொரு 21 திர்ஹம் போகும். கட்டணமில்லாச் செயலி இதற்குப் பொருத்தம். இல்லையென்றால் மூன்று மாதத்தைச் சேர்த்து ஒருமுறை அனுப்பலாம்.

அந்தக் கணக்கில் முதலில் நிரம்ப வேண்டியது இரண்டு மாத வீட்டுச் செலவு, சுமார் 58,000 ரூபாய். மாதம் 4,500-க்கு மேல் சேர்ந்தால் ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூட ஆகும். கடன் முடிந்ததும் அந்த 6,600-ம் இங்கேயே வந்தால் இன்னும் சீக்கிரம். ரேட்டு நன்றாக இருக்கும் மாதத்தில் வீட்டுத் தொகையை ஏற்றாமல், மிஞ்சும் திர்ஹமையும் இங்கே தள்ளலாம். ரூபாய் இறங்கி ரேட்டு ஏறும்போது சமையல் எண்ணெயும் தங்கமும் ஊரில் சேர்ந்தே ஏறும். கூடுதலாகக் கிடைத்ததாகத் தெரிவதில் ஒரு பங்கு ஏற்கெனவே செலவானதுதான்.

சம்பளம் தாமதமாகும் மாதத்துக்குத்தான் இந்தப் பணம். அமீரகத்தில் சம்பளம் வங்கி வழியாகவே போக வேண்டும் என்ற முறை 2009-ல் வந்தது. அதற்குப் பிறகும் தாமதமே இல்லை என்று சொல்ல முடியாது, கம்பெனி மாறும் இடைவெளியிலும் ஒரு மாதம் வெறுமையாகப் போகலாம். அப்படிப்பட்ட நேரத்தில் என்.ஆர்.இ. கணக்கில் பணம் இருந்தும் மனைவியால் எடுக்க முடியாமல் போவதுண்டு. கணக்கு கணவர் பெயரில், அவரோ துபாயில். இதற்கு வழி இருக்கிறது. நெருங்கிய உறவினரான மனைவியைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தாலும் கணவர் இருக்கும்வரை, அவர் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதத்தின் பேரில்தான் அவர் பணம் எடுக்க முடியும். அந்தக் கடிதத்தில் கணவர் வங்கியில் நேரில் கையெழுத்துப் போடுவது சுலபம், துபாயிலிருந்து அதைச் செய்வது இழுபறி. விடுமுறைக்கு வரும்போது பாதி நாள் அதற்கென்று ஒதுக்கிவிட்டால், அடுத்த தடவை சம்பளம் தாமதமானாலும் மாமியாருக்கான மாத்திரையை மருந்துக் கடையில் கடன் சொல்லாமல் வாங்கலாம்.